நன்றி மடலில் கேட்கும் அறிமுகத்துக்கு ஒரு சொல்

மாலதி:
அனைவருக்கும் வணக்கம். வேலை தேடுவோருக்கான மடல் கையேட்டுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. வேலை தேடும் ஒருவர் சற்றே பழக்கமான ஒருவருடன் பேசுகிறார். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் சோதனைக் குழுவில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அந்தப் பழக்கமானவர் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பித்ததில் நேர்காணல் கிடைத்துவிட்டது. இப்போது அவருக்கு நன்றி சொல்லி, அக்குழுவில் முன்பு பணியாற்றிய அவருடைய நண்பரிடம் அறிமுகம் கேட்க வேண்டும். இடையில் இருப்பவர் முதலில் நண்பரின் விருப்பத்தை அறிந்து, அதன் பிறகே இருவரையும் இணைக்கும் இம்முறையை எப்படி அழைக்கலாம்? ‘இருதரப்பு ஒப்புதல் அறிமுகம்’ என்பது பத்திரப்பதிவு போல் ஒலிக்கிறது.

குமரேசன்:
‘பரிந்துரை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? மேலும், இப்படிப்பட்ட உதவியை நெருங்கியவர்களிடம் கேட்பதே முறை.

வேணுகோபால்:
பரிந்துரைப்பவர் ஒருவரது திறமைக்குப் பொறுப்பேற்கிறார். சிறிது நேரம் பேசியவரிடம் அதை எதிர்பார்க்க இயலாது, அறிமுகத்தை எதிர்பார்க்கலாம். நெருக்கத்தைப் பொறுத்தவரை, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்புகள் வழியே வேலை பெற்றவர்களுள் பெரும்பாலோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவரிடமிருந்தே தகவல் பெற்றிருந்தனர். என் முன்மொழிவு ‘இசைவு அறிமுகம்’.

மடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “நீங்கள் சோதனைக் குழுவைப் பற்றிச் சொன்னதால் விண்ணப்பித்தேன், அடுத்த வாரம் நேர்காணல்” என்று எந்தச் சொல் எதில் முடிந்தது என்பதைக் காட்டுவதே உண்மையான நன்றி. அதன்பின் ஒரே ஒருவரிடம், ஒரே காரணத்துக்காக அறிமுகம் கேட்டு, “இப்போது தோதுப்படாவிட்டால் விட்டுவிடுங்கள்” என்று வழிவிட வேண்டும். ஆனால், நண்பருக்கு அனுப்புவதற்கான நான்கைந்து வரிகளைத் தனி மடலாகத்தான் எழுத வேண்டும். நன்றி மடலையே இடையில் இருப்பவர் நண்பருக்கு முன்னனுப்பினால், குழுவைப் பற்றி அவர் தனிப்பட்ட முறையில் சொன்னதும் கூடவே போய்விடும். அதற்கு அஞ்சி அவர் எதையும் அனுப்பாமல் இருந்துவிடுவார்.

ஃபாத்திமா:
நான் நன்றி சொல்லிவிட்டு, மூன்று பேரின் தொலைபேசி எண்களைக் கேட்டேன். பதிலே இல்லை. எண்ணைக் கேட்பதும் ‘இசைவு அறிமுகம்’தானா?

வேணுகோபால்:
இல்லை. எண்ணைக் கொடுத்துவிட்டால் மறுதரப்பின் இசைவைக் கேட்க இடமே இல்லை; மூன்று பேர் என்றதும் யாரை முதலில் கேட்பது என்ற சுமையும் அவர் தலையில் ஏறுகிறது.

மாலதி:
‘இசைவு அறிமுகம்’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தனி மடலை ‘கைமாற்று மடல்’ எனலாமா?

குமரேசன்:
கைமாற்று என்றால் கடன் கேட்பதாக நினைத்து மடலைத் திறக்கவே மாட்டார்கள். ‘முன்னனுப்பு மடல்’ என்று வையுங்கள்.

வேணுகோபால்:
அது எந்த மடலுக்கும் பொருந்துமே. பிறர் தம் கருத்தைச் சொல்லட்டும்.