216 சதுர அடி ஹாலுக்கு 15 பெட்டியா, 18 பெட்டியா?

வடவாறு: தஞ்சாவூர் பக்கம் வீடு கட்டுகிறோம். பூச்சு முடிந்து ஹாலின் உள்ளளவு 18க்கு 12 அடி. 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ், சதுர அடி 58 ரூபாய், வரி சேர்த்து. கடைக்காரர் பத்து சதவீதம் சேதாரம் கூட்டி 15 பெட்டி போதும் என்கிறார். டைல்ஸ் போடுகிறவரோ 18 பெட்டி வந்தால்தான் வேலையைத் தொடுவேன் என்கிறார். பெட்டிக்கு 4 டைல்ஸ். அவர் கூலி அடிக்கு 28, ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக்கு 20. கதவு இடங்களைக் கழித்தால் ஸ்கர்ட்டிங் 50 அடி வருகிறது. பசை 20 கிலோ மூட்டை 420. இதில் யார் சொல்வது சரி? அடிக்கு மொத்தம் என்ன விழும்?

சிக்கனம்சார்: கூடக் கேட்பது அவர்கள் வழக்கம், மிச்சம் அடுத்த வேலைக்குப் போகும். 18க்கு 12 என்றால் 9க்கு 6, மொத்தம் 54 டைல்ஸ், வெட்டே வராது. பெட்டியை மட்டும் திருப்பிப் பாருங்கள் சார். கடையில் 16 அடி என்று பில் போடுவார்கள், மேலே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும். அது 15.5 அடிதான்.

மூலைமட்டம்: பெட்டி விஷயம் சரி. ஆனால் அதே காரணத்தால்தான் 54 வராது. 2 அடி டைல்ஸ் என்பது 600 மில்லிமீட்டர், 2 அடிக்குக் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் குறைவு. 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து ஒன்பதை அடுக்கினாலும் 18 அடிச் சுவரில் 68 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். 12 அடிப் பக்கம் 46 நிற்கும். ஸ்கர்ட்டிங் அதில் ஒரு விரல் அகலத்தைத்தான் மறைக்கும்.

அந்தக் குச்சித் துண்டு அசிங்கமாகத் தெரியும் என்று உங்கள் ஆள் நடுவிலிருந்து ஆரம்பித்து, நான்கு பக்கமும் பாதிக்கு மேல் அகலமான துண்டு வரும்படி போட நினைத்திருப்பார். அப்படிப் போட்டால் 10க்கு 7, எழுபது டைல்ஸ். உடைசலுக்கு இரண்டு சேர்த்தால் 18 பெட்டி. அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவ்வளவு தேவையில்லை தம்பி. 18 அடி நீளத்தில் மட்டும் இரண்டு முனையிலும் பெரிய துண்டாக வரட்டும். 12 அடிக் கணக்கில் வரும் குச்சித் துண்டை சோஃபா போடும் சுவர்ப் பக்கம் தள்ளிவிடுங்கள். 10க்கு 6 அறுபது, அந்தக் குச்சிக்கு ஒன்று. முனைகளில் வெட்டி மிஞ்சும் 12 துண்டும் 26 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு 4 அங்குலப் பட்டை எடுக்கலாம். அதிலேயே 47 அடி ஸ்கர்ட்டிங் வந்துவிடுகிறது, மீதிக்கு இன்னொரு டைல்ஸ். உடைசலுக்கு இரண்டு வைத்தால் 64, அதாவது 16 பெட்டி. ஸ்கர்ட்டிங்குக்குத் தனியாகப் பெட்டி வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

ஆடிக்காற்று: எங்கள் பாத்ரூம் சுவரில் ஒரே வருடத்தில் டைல்ஸ் கழன்று விழுந்தது. தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம். எந்தப் பசை நல்லது?

மூலைமட்டம்: அது சுவர் டைல்ஸ், வேறு கதை. தனியாகக் கேளுங்கள் அம்மா, பழைய பூச்சின் நிலை தெரியாமல் சொல்ல முடியாது.

வடவாறு: அண்ணா, சோஃபா சுவர் யோசனை நன்று. அப்போ மொத்தக் கணக்கு?

மூலைமட்டம்: 16 பெட்டி 14,848 (பெட்டிக்கு 16 அடி என்றே பில் வரும்). பசை ஸ்கர்ட்டிங் உட்பட 6 மூட்டை, 2,520. தரைக் கூலி 6,048, ஸ்கர்ட்டிங் 1,000. கிரவுட், ஸ்பேசர், பிளேடு என்று ஒரு 1,000 வையுங்கள். ஆக 25,416. 216ஆல் வகுத்தால் அடிக்கு 118 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 18 பெட்டி என்றால் 126 ஆகும். லாரி வாடகை, இறக்கு கூலி இதில் இல்லை.

மூட்டைக்கு 45 அடி என்று வைத்தது 3 மில்லிமீட்டர் கனத்துக்கு. தரை மேடு பள்ளமாக இருந்தால் பசையாலேயே நிரப்புவார்கள், மூட்டை இரட்டிப்பாகும். பத்தடி மட்டப்பலகையைத் தரையில் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள்.

சிக்கனம்சார்: இதற்குத்தான் பழையபடி மணல் சிமெண்ட் கலவையிலேயே போடச் சொல்கிறேன். மட்டமும் ஆச்சு, காசும் மிச்சம். என் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை.

மூலைமட்டம்: விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது, சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிக்காது. சில வீட்டில் நிற்கும், சில வீட்டில் தூக்கும். நான் கலவையால் மட்டம் செய்து, அது காய்ந்த பின் பசை போடுவேன். மட்டக் கூலி மேலே போட்ட கணக்கில் சேராது.

வடவாறு: பலகை வைத்துப் பார்த்தேன். சமையலறை வாசல் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்குகிறது. ஹால் முழுக்க மட்டம் செய்ய வேண்டுமா, அந்த மூலை மட்டும் போதுமா?