புதுப்பிப்பு: மூன்று படுக்கையறைக்குக் குளியலறைகள்

நான் இங்கே முன்பு கேட்டது: "மூன்றும் அட்டாச்டா, ஒன்றைப் பொதுவாக விடவா? 4 அடிக்கு 7 அடி போதுமா?"

எங்கள் முடிவு: இரண்டு அட்டாச்ட், ஒன்று பொது. மூன்றும் அட்டாச்ட் என்றால் விருந்தினர் யாருடைய படுக்கையறை வழியாகவாவது போகவேண்டும் என்று ஒருவர் சொன்னது சரிதான்.

"4க்கு 7 தாராளம்" என்றார் இன்னொருவர். அது பூசாத செங்கல் சுவர்களுக்கு இடையிலான அளவு என்று கொத்தனார் அண்ணன் திருத்தினார். பூச்சும் டைல்ஸும் சுவருக்கு ஒன்றரை அங்குலம் என்றால், நீளத்திலும் அகலத்திலும் 3 அங்குலம் போகும். தரையில் சாக்பீஸால் வரைந்தேன்: குளிக்க 3 அடி, கம்மோடுக்கு இரண்டரை, வாஷ்பேசினுக்கு ஒன்றரை. ஏழு அடி முழுசாக வேண்டும், மிஞ்சுவதோ ஆறே முக்கால். அதனால் 5க்கு 8.



பாட்டி உள்ளே விழுந்தால் திறக்க முடியவேண்டுமே, பொதுக் குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைக்கலாமா? நடைவழி குறுகல், இன்னும் யோசிக்கிறோம்.