புதுப்பிப்பு: காமா ஏன் தாவியது?

பிளாக்-ஷோல்ஸ் முறையில் கால் ஆப்ஷனின் விலை C. பங்கு விலை S-ஐ h அளவு நகர்த்தி, C மாறும் வேகமான டெல்டாவையும், டெல்டா மாறும் வேகமான காமாவையும் கணக்கிட்டுப் பார்த்தவர்களின் கேள்வி:

"டெல்டா சூத்திரத்தோடு ஒத்துப்போகிறது, காமா மட்டும் தாறுமாறாக வருகிறது. ஏன்?"

சூத்திரத்தில் பிழையில்லை; h = 1e-6 தான் காரணம்.

```
(C(S+h) - 2*C(S) + C(S-h)) / h**2
```

S = K = 100, r = 5%, σ = 20%, ஓராண்டு: சூத்திரம் தரும் காமா 0.018762. வித்தியாச முறையில் 0.0142, 0.0213 போன்ற விடைகள்தான் வர முடியும். எல்லாமே 0.0071-இன் மடங்குகள் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அருமையான தடயம் அது. விலைச் சூத்திரத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்படும் இரு உறுப்புகளின் கடைசி பிட் சுமார் 7e-15; அதை h²-ஆல், அதாவது 1e-12-ஆல் வகுத்தால் அதே 0.0071.

"h-ஐ இன்னும் குறையுங்கள்" என்ற யோசனை பாதி சரி. தோராயமாக்குவதால் வரும் வெட்டுப்பிழை குறையும், ஆனால் கடைசி பிட்டில் வரும் முழுமையாக்கல் பிழை ஏறிவிடும். h = 0.01 வைத்தேன், ஆறு இலக்கம் பொருந்தியது.

அப்புறம், மான்டே கார்லோவில் இதே சிக்கல் என்றவருக்கு: அங்கே இரைச்சல்தான் பெரிது, முதலில் மூன்று விலைக்கும் ஒரே சீரற்ற எண்களைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கேற்ற h எது என்பதை இன்னும் பார்க்கவில்லை.