வெளிநாட்டுப் பணவரவு ரிக்ரஷன்: லேக்குகளின் குறி மாறி மாறி வருகிறது, எத்தனை லேக் வைப்பது?

வெண்பா
வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தை நாணய மாற்று விகிதத்தோடும் அவர்களுடைய சம்பளத்தோடும் ரிக்ரஷன் செய்கிறேன். 2015 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை 120 மாதம். பணவரவு உள்நாட்டு நாணயத்தில் இருக்கிறது. விகிதம் மாதக் கடைசி நாளுடையது, ஒரு டாலருக்கு எத்தனை என்ற கணக்கில். எல்லாவற்றுக்கும் மடக்கை எடுத்து, விகிதம், சம்பளம் இரண்டுக்கும் 0 முதல் 12 மாதம் வரை லேக் போட்டேன். ஆர்-ஸ்கொயர் 0.98. ஆனால் விகிதத்தின் கெழுக்கள் 1.62, −0.94, 0.71, −0.66 என்று ஊஞ்சலாடுகின்றன. எதை வைத்து எதை எடுப்பது?

தேன்மழை
ஏஐசி எதில் குறைவோ அந்த லேக்கோடு நிறுத்துங்க, அவ்வளவுதான். p மதிப்பு 0.05-க்கு மேல் இருக்கிறதைத் தூக்கிடலாம்.

மாறிலி
ஏஐசி பார்க்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, உள்நாட்டு நாணயத்தில் வரும் தொகை என்பது டாலர் தொகை × விகிதம். மடக்கை எடுத்தால் விகிதம் இடப்பக்கத்திலும் கூட்டலாக உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் கூட ஒரு டாலர் அதிகமாக அனுப்பாவிட்டாலும் லேக் 0-வின் கெழு 1 என்று வந்துவிடும். மாற்றப் பயன்பட்ட அதே விகிதம் வலப்பக்கமும் இருந்தால், 1.62-இல் மக்களுடைய நடத்தை 0.62 மட்டுமே. டாலருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

இரண்டாவது, விகிதமும் பணவரவும் வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் தொடர்கள். 0.98 பெரும்பாலும் அந்த ஏற்றத்தைத்தான் காட்டுகிறது. போன மாத விகிதமும் இந்த மாத விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், கெழுக்களை அவற்றுக்குள் எப்படிப் பங்கிடுவது என்று மாடலுக்குத் தெரியவில்லை. கூட்டல், கழித்தல் என்று குறி மாறுவது அதனால்தான்: மாடல் உண்மையில் தேடுவது விகிதத்தின் *மாற்றத்தை*. மடக்கையின் வித்தியாசம் எடுத்துவிடுங்கள்.

கடல்கடந்தான்
நான் வெளியே வேலை செய்யுறவன். எந்தத் தேதியில அனுப்பினா நல்ல ரேட் கிடைக்கும்னு சொல்ல முடியுமா? நான் சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவுக்கும் கடன் தவணைக்கும் உடனே அனுப்பிடுவேன். ரேட் பார்த்துக் காத்திருக்கிறது மிச்சப் பணத்துக்கு மட்டும்தான், அதுவும் ஒண்ணு ரெண்டு மாசம்.

மாறிலி
தேதி சொல்ல இந்தக் கணக்கால் முடியாதுங்க. ஆனால் லேக்கை முடிவு செய்ய உங்கள் பதில் ஏஐசியை விட உதவும். சம்பளம் மாதக் கடைசியில் வந்தால் பணம் அடுத்த மாதக் கணக்கில் ஏறும். எனவே சம்பளத்துக்கு 0, 1 போதும். காத்திருப்பது மிச்சப் பணம் என்றால் விகிதத்துக்கு 0 முதல் 2, மிஞ்சினால் 3. பன்னிரண்டு மாதம் யார் காத்திருக்கிறார்கள்?

வெண்பா, மாதக் கடைசி விகிதத்தை விட்டுவிட்டு மாதச் சராசரி எடுங்கள். 31-ஆம் தேதி விகிதம் அந்த மாதம் 5-ஆம் தேதி அனுப்பியவருக்குத் தெரியாது. அதன் விளைவு அடுத்த மாதத்தில்தான் விழும். இல்லாத லேக் இருப்பதுபோல் தெரியும்.

ஏஐசி ஒப்பிடும்போது ஒரு பொறி: லேக் கூடக் கூட ஆரம்ப வரிசைகள் உதிரும், வேறு வேறு மாதங்களின் ஏஐசியை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். அதிகபட்சம் 6 என்று வைத்து, எல்லா மாடலையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள்:

```r
library(dynlm); library(lmtest); library(sandwich)
dr <- diff(log(rem_usd))
dk <- diff(log(kur_avg))
dw <- diff(log(wage))
m <- dynlm(dr ~ L(dk, 0:2) + L(dw, 0:1) + season(dr),
           start = c(2015, 8))
AIC(m); coeftest(m, vcov = NeweyWest(m))
```

சம்பளம் உண்மையிலேயே மாதத் தரவா?

வெண்பா
இல்லை, காலாண்டுத் தரவு. நடுவில் நேர்கோடு போட்டு நிரப்பினேன்.

விகிதத்துக்கு இப்போது 0.31, 0.27, −0.38. நெகட்டிவைத் தூக்கிவிடலாமா?

மாறிலி
அப்படியானால் சம்பளத்தின் லேக் 0, 1 இரண்டையும் பிரித்துப் பேசாதீர்கள். நேர்கோடு போட்ட இடத்தில் அந்தத் தகவலே இல்லை. இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்லுங்கள்.

−0.38-ஐத் தூக்காதீர்கள். நாணயம் விழுந்ததும் அடுத்த மாதப் பணத்தையும் சேர்த்து அனுப்பினால், பிறகு குறையத்தானே செய்யும்? அதை நீக்கினால் 0.58 நிலையான விளைவு என்று எழுதிவிடுவீர்கள். மூன்றையும் கூட்டினால் 0.20 தான். நாணயம் சட்டென்று சரிந்த மாதங்கள் இருந்தால் அவற்றுக்குத் தனி டம்மி போட்டுப் பாருங்கள்.

வெண்பா
அப்படி இரண்டு மாதம் இருந்தன. டம்மி போட்டதும் −0.38 சுருங்கி −0.11, திட்டப் பிழை 0.14.

மாறிலி
அப்போது அது அந்தச் சரிவின் கதை. பொது விதியாக எழுத வேண்டாம்.

தேன்மழை
ஆனா விகிதம் உருப்படியா நகர்ந்ததே அந்த ரெண்டு மாசம்தானே? அதை எடுத்துட்டா மிச்ச மாசங்கள்ல மதிப்பிட என்ன இருக்கு?

மாறிலி
நியாயமான கேள்வி. வெண்பா, இரண்டு மாடலையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எது சரி என்று இந்த 120 மாதத்தை மட்டும் வைத்து நான் சொல்லமாட்டேன்.