நிறக் கணக்கு சரி, ஆனால் பட்டனைக் கண்டுபிடிக்க முடியவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

பாளைக்காரன்

பத்தமடைப் பாய் விற்கிற அண்ணாச்சி ஒருவர் தன் இணையதளத்தை வந்து பார்க்கச் சொன்னார். வேறு யாரோ செய்து கொடுத்தது. திறந்ததும் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பின்னணி முழுக்க வெள்ளை. மேல் பட்டை, பாய் விவரம் வருகிற அட்டை, அடிப்பகுதி மூன்றும் கரும்பச்சை. ‘வாங்க’ பட்டன் மட்டும் குங்குமச் சிவப்பு. பின்னணி நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, கண்ணை இழுக்கிற நிறம் 10 என்று நாம் எல்லோரும் சொல்கிற கணக்கு அப்படியே இருந்தது. ஆனால் தளம் வழியாக ஆர்டர் வருவதே இல்லை, பார்க்கிறவர்கள் எல்லோரும் போன் போட்டுத்தான் கேட்கிறார்கள் என்றார்.

நான் கடையில் இருக்கும்போதே ஒரு ஆச்சி வந்தார்கள். பேத்தி கல்யாணத்துக்குப் பாய் வேண்டும், மகன் வெளியூரிலிருந்து தளத்தைப் பார்க்கச் சொன்னானாம். போனைத் திறந்து அண்ணாச்சியிடம் காட்டி, “இதை எத்தனை தடவ அமுக்கினாலும் நகர மாட்டேங்குய்யா” என்றார்கள். எட்டிப் பார்த்தேன். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பேரை நெய்திருப்பார்கள் இல்லையா, அந்தச் சிவப்புக் கட்டத்தை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நிஜ பட்டன் அதற்குக் கீழேயே இருந்தது. அதே சிவப்பு, அதே மாதிரி வெள்ளை எழுத்து.

அந்த விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கணக்கு சரியாக இருந்தும் இப்படி ஆனதை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தென்காசிச் சாரல்

பார்த்திருக்கிறேன், ஆனால் என் கதை தலைகீழ். ஒரு கோச்சிங் சென்டர். லோகோ மஞ்சள் என்பதால் பக்கம் முழுக்க மஞ்சள்தான் வேண்டும் என்று முதலாளி ஒற்றைக் காலில் நின்றார். `#FFC107` மேல் வெள்ளை எழுத்து. ஒரு அப்பா மதிய வெயிலில் வாசலில் நின்று, போனைக் கையால் மறைத்து மறைத்துப் பீஸ் எவ்வளவு என்று படிக்கப் பார்த்தார். முடியாமல் உள்ளே வந்து கேட்டார். அதைப் பார்த்த பிறகுதான் முதலாளி இறங்கி வந்தார். வெள்ளையை 60 ஆக்கி மஞ்சளைப் பட்டனோடு நிறுத்தினோம்.

உங்கள் பாய்க் கடைக்கு என் யோசனை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெள்ளை 60 இருக்கிறது, அது ஒருநாளும் ஏமாற்றாது, கை வைக்காதீர்கள். சிவப்புதான் பத்தவில்லை. அதை 20 ஆக்குங்கள். தலைப்பு, ஐகான், அட்டையின் ஓரக்கோடு, விலை எல்லாவற்றுக்கும் அதே சிவப்பைக் கொடுத்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பட்டனைக் கொஞ்சம் உயரமாக்குங்கள், நிழல் கொடுங்கள். எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். முடிந்தால் பட்டனை லேசாக ஆட விடலாம், எங்கள் பக்கத்து ஜவுளிக்கடைத் தளத்தில் அப்படித்தான் ஆடுகிறது.

அம்பை மதினி

சாரல், மஞ்சள் கதை சரி. `#FFC107` மேல் வெள்ளை எழுத்து வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் விகிதம் 1.6 சொச்சம்தான் வரும், சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். வெயிலில் என்ன, நிழலிலும் தெரியாது. ஆனால் மருந்து தப்பு. விலையும் சிவப்பு, கோடும் சிவப்பு என்றால் ஆச்சி அமுக்கிப் பார்க்க இன்னும் பத்து இடம் கூடும், அவ்வளவுதான். பத்து என்பது அதற்கு மேல் போகாதே என்கிற வரம்பு. அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பாளைக்காரரே, ஒன்று கேட்கிறேன். அந்தக் கணக்கை எந்தத் திரையில் போட்டார்கள்? டெஸ்க்டாப்பில், படம் வருகிற இடத்தில் சாம்பல் கட்டம் வைத்துப் போட்டிருப்பார்கள். அதே பக்கத்தைப் போனில் அளந்து பாருங்கள். 360க்கு 800 திரை என்று வைத்துக்கொள்வோம். திரை அகலத்துக்குச் சதுரமாக ஒரு பாய்ப் படம் வைத்தால், அது ஒன்றே 45 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். மேல் பட்டை 56 பிக்சல் உயரம் என்றால் 7 சதவீதம். மிச்சம் 48-க்குள்தான் வெள்ளை, பச்சை அட்டை, பட்டன் எல்லாம். வெள்ளை 60-ஐ எட்ட வழியே இல்லை. அந்தத் திரையில் பெரிய நிறம் பாயின் நிறம்தான்.

பட்டனுக்கு வாருங்கள். 328 அகலம், 48 உயரம், ஐந்தரை சதவீதம். படத்தில் கால் பங்கு சிவப்பு இருந்தாலே திரையில் 11 ஆகிவிடும், பட்டனைப் போல இரண்டு மடங்கு. ஆச்சியின் விரல் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று நான் சொல்வேன்.

வீரவநல்லூர்ச் சேலைக் கடை ஒன்றுக்குச் செய்தபோது எனக்கும் இந்தத் தலைவலி வந்தது. முதலில் படங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் பரப்பி வைத்தேன். அவற்றில் இல்லாத நிறம் எது என்று தேடி, அதை மட்டும் பட்டனுக்கு எடுத்தேன். ஒவ்வொரு சேலையிலும் ஏதோ ஒரு சிவப்பு இருந்தது, ஆழ்ந்த நீலம் மட்டும் இல்லை. உங்கள் பாய்க் கடைக்கும் அதே வழி போகலாம். கோரையின் வெளிறிய நிறத்தையே பின்னணியாக வைத்தால் பாயின் வெற்றிடமும் பக்கமும் ஒன்றாகிவிடும். போனிலும் 60-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

```css
:root {
  --base: #FAF5EA;
  --second: #2F4A36;
  --accent: #1F3A8A;
}
```

இந்த நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து 10-க்கு மேல் வரும், எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. `--accent` எந்த எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு தேடல் போடுங்கள். பட்டன், இணைப்பு இரண்டையும் தவிர வேறு எங்கு வந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

செய்து முடித்ததும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 20 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தெல்லாம் போய் நிறத் திட்டுகள் மட்டும் நிற்கும். அந்தத் தளத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, இதில் தனியாகத் தெரிகிற திட்டு எது என்று கேளுங்கள். பட்டன் இருக்கும் இடத்தைக் காட்டினால் சரி.

நெல்லை டவுன் பொடியன்

எனக்கு இதுவே வேறு மாதிரி நடந்தது. காலேஜ் ப்ராஜெக்ட்டில் 60 30 10 வரணும்னு சார் சொன்னார். நானும் `linear-gradient`-ல் 60%, 90% என்று போட்டு மூன்று நிறத்தையும் மேலிருந்து கீழாக இறக்கிவிட்டேன். பிக்சல் கணக்கு துல்லியமாக வந்தது! சார் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, “என்னலே, கட்சிக் கொடி மாதிரி இருக்கு” என்றார். வகுப்பே சிரித்தது. மதினி, நீங்கள் சொல்கிற ஸ்கிரீன்ஷாட் சோதனையில் என் பக்கம் பாஸ் ஆகுமா?

அம்பை மதினி

சோதனையில் பட்டனே தெரியாதே, தம்பி. பட்டனை எந்த நிறத்தில் வைத்தீர்கள்?

நெல்லை டவுன் பொடியன்

பட்டன் வைக்கவில்லை.

தென்காசிச் சாரல்

மதினி, ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளையை எடுத்துவிட்டுக் கோரை நிறம் வைத்தால் பழைய பேப்பர் மாதிரி இருக்கும். அதிலும் மலிவு போன்களில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். பக்கம் அழுக்காக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் யார் பதில் சொல்வது?

பாளைக்காரன்

மதினி சொன்னபடி மாற்றிக் கடைக்குப் போனேன். சாரல் பயந்த மாதிரி அழுக்கு என்று யாரும் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் “பாய் பக்கத்துல ஒட்டின மாதிரி இருக்குவே” என்றார். அது பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. சுருக்கின படத்தை அவர் மகளிடம் காட்டினேன், நீலத் திட்டை உடனே காட்டினாள். ஆனால் இன்னொரு திட்டையும் சேர்த்துக் காட்டினாள். வலது மூலையில் மிதக்கிற வாட்ஸ்அப் வட்டம்! அந்தப் பளீர்ப் பச்சை நம் மூன்று நிறத்திலும் சேராது, யாரும் கணக்கிலும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கண் முதலில் போவது அங்கேதான். ஓரமாக இருக்கிற சின்ன வட்டம், திரையில் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம்.

அதை நீல வட்டமாக்கி விடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “வர்ற ரெண்டு ஆர்டரும் அது வழியாத்தான் வருது. அதை மாத்திட்டா நீரு வந்து கடையில உக்காருவீரா?” என்றார்.

அதோடு புதுச் சரக்காக ஊதா நிறப் பாய்கள் வந்து இறங்கியிருக்கின்றன. நீலத்துக்கும் ஊதாவுக்கும் போனில் எவ்வளவு தூரம் இருக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

கல்லிடை அப்பளம்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஆச்சி அமுக்கியது சிவப்பு என்பதால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். கட்டத்துக்குள் எழுத்து இருந்தாலே அது பட்டன் மாதிரிதான். எங்கள் அப்பளத் தளத்தில் பாக்கெட் படத்தில் இருக்கிற கம்பெனிப் பெயர்ப் பட்டையைத்தான் பாதிப் பேர் தொடுகிறார்கள். பாக்கெட் மஞ்சள், பட்டன் கரும் அரக்கு, நிறத்தில் சம்பந்தமே கிடையாது. கடைசியில் படத்தையே தொட்டால் ஆர்டர் பக்கம் போகிற மாதிரி செய்துவிட்டோம். நிறத்தை வைத்து எல்லாவற்றையும் தீர்க்க முடியுமா?

அம்பை மதினி

நியாயம். பேர் நெய்த கட்டம் நீலத்துக்கு மாறினாலும் கட்டம்தான். படத்தைத் தொட்டால் பாய் பக்கத்துக்குப் போகட்டும், அது நல்ல யோசனை. ஊதாப் பாய்க்கு இப்போதைக்குப் பட்டனைப் படத்தை ஒட்டி வைக்காமல், நடுவில் விலை வரியையும் பெயரையும் விட்டு இறக்கி வையுங்கள். பக்கத்தில் இல்லாவிட்டால் இரண்டும் அவ்வளவு மோதாது. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப் விஷயத்தில் அண்ணாச்சி பக்கம்தான் நான். ஆர்டர் அங்கேதான் வருகிறது என்றால் அந்தத் தளத்தின் பத்து அந்தப் பச்சைதான். நீலத்தை எடுத்துவிட்டு `#25D366`-ஐயே ‘வாங்க’ பட்டனுக்கும் கொடுத்து, அதையும் வாட்ஸ்அப்புக்கே அனுப்பலாம். ஆனால் அதன் மேல் வெள்ளை எழுத்து வைக்காதீர்கள், 2-கூட வராது. கரும்பச்சை `#2F4A36` எழுத்து வைத்தால் 4.9 வரும், பாஸ்.

தென்காசிச் சாரல்

அப்புறம் மேல் பட்டையும் பச்சை, அட்டையும் பச்சை, பட்டனும் பச்சையா? பாயிலும் பச்சைக் கரை இருக்குமே, மதினி. சிவப்புக்கு நடந்ததுதானே இதற்கும் நடக்கும்?

அம்பை மதினி

அந்தப் பளீர்ப் பச்சையில் யாரும் கோரைக்குச் சாயம் ஏற்றி நான் பார்த்ததில்லை. ஆனால் 30-ஐ மாற்ற வேண்டும் என்பது சரி. கரும்பச்சையை எழுத்தோடு நிறுத்திவிட்டு, அட்டைக்கும் மேல் பட்டைக்கும் கோரையிலேயே இன்னும் ஒரு படி அடர்ந்த நிறம் வைத்துப் பாருங்கள். பாளைக்காரரே, அந்த ஊதாப் பாய்ப் படத்தையும் வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். சுருக்காமல் போடுங்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன்.