M+ விசைக்கு ஒரு பெயர்: உண்டியலா, இருப்பா?

நாகர்கோவிலிலிருந்து:

பலசரக்குக் கடைப் பில்லைக் கால்குலேட்டரில் கூட்டுவது பற்றி ஒரு பக்கக் கையேடு தயாராகிறது. M+, M−, MR, MC என்ற நான்கு விசைகளுக்கும் சேர்ந்தாற்போல் பெயர் வேண்டும். ‘நினைவகக் கூட்டல்’ என்றால் படிப்பவருக்குப் பிடிபடாது. உண்டியல் என்று சொல்லலாமா? ஒவ்வொரு வரியின் தொகையையும் உள்ளே போட்டுக்கொண்டே வருகிறோம், கடைசியில் மொத்தமாக எண்ணிப் பார்க்கிறோம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இதற்கெல்லாம் தனிப் பெயர் எதற்கு, அண்ணாச்சி? விலையை + போட்டு வரிசையாக அடித்துக்கொண்டே போனால் மொத்தம் வந்துவிடுமே. என் கால்குலேட்டரில் GT என்றும் ஒரு விசை இருக்கிறது. M+ செய்கிற வேலையை அதுவே செய்கிறது.

தக்கலையிலிருந்து:

பாதி சரி. வெறும் விலைகள் மட்டும் என்றால் + போதும். கடைச் சிட்டையில் வருவது ‘இத்தனை கிலோ, கிலோ இன்ன விலை’ என்ற கணக்கு. ஏத்தன்காய் 4 கிலோ 65 ரூபாய் வீதம், புளி 2 கிலோ 180 வீதம் என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரே மூச்சில் அடித்துப் பாருங்கள்:

```
4 × 65 + 2 × 180 =
```

சாதாரண மேசைக் கால்குலேட்டர் 47160 காட்டும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வந்த வரிசையிலேயே 260, 262 என்று போய் அதை 180ஆல் பெருக்கிவிடும். உண்மையான தொகை 620. இதற்காகத்தான் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதிவைத்துப் பிறகு கூட்டுகிறார்கள். M+ இருந்தால் எழுதவே வேண்டாம்:

```
4 × 65 = M+
2 × 180 = M+
5 × 46 = M+
12 × 5 = M−
MR
```

மூன்றாவது வரி சீனி. நான்காவது, திருப்பிக் கொடுத்த காலி பாட்டில் 12, ஒன்றுக்கு 5 ரூபாய். 260, 360, 230 சேர்ந்து 850. அதில் 60 போக MR-ல் 790 வரும். பல மேசைக் கால்குலேட்டர்களில் = இல்லாமல் M+ அடித்தாலும் சரியாக வரும். கணினித் திரைக் கால்குலேட்டர் சிலவற்றில் கடைசியாக அடித்த 65 மட்டும் உள்ளே போகும். அதனால் = அடிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

GT-யும் M+ம் ஒன்றல்ல. GT இருக்கும் மெஷினில் = அடித்த விடைகள் எல்லாம் தானாகக் குவியும். நடுவில் வேறு ஏதாவது கணக்குப் பார்த்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். M+ல் நாம் அனுப்புவது மட்டும்தான் போகும்.

குலசேகரத்திலிருந்து:

எங்கள் கடையில் சில நாள் காலை முதல் பில்லே கூடுதலாக வருகிறது, மெஷின் கெட்டுவிட்டதா? அதில் MR, MC தனித்தனியாக இல்லை, MRC என்று ஒரே விசைதான்.

தக்கலையிலிருந்து:

மெஷினுக்கு ஒன்றும் இல்லை, அக்கா. நேற்றைய தொகை உள்ளேயே இருந்திருக்கும். திரை ஓரத்தில் சின்ன M தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். AC அடித்தாலும் அது பொதுவாகப் போகாது. புதுப் பில் தொடங்கும் முன் MRC-ஐ இருமுறை அடித்து, M மறைந்ததா என்று பாருங்கள், பிறகு AC.

அதே விசையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருமுறை அடித்தால் தொகை காட்டும், மறுமுறை அடித்தால் அழிக்கும். பில் முடிவில் அவசரத்தில் இரண்டு தடவை தட்டினால் தொகை போச்சு. திரையில் அந்த எண் இன்னும் நின்றால், வேறு எதையும் தொடாமல் M+ அடியுங்கள், திரும்பிவிடும். சீனியை 46க்குப் பதில் 64 என்று போட்டுவிட்டால் பில்லை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 5 × 64 = M− அடித்து அந்தத் தவறை வெளியே எடுத்துவிட்டு, 5 × 46 = M+ போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

அப்படியானால் உண்டியல் பொருந்தாது. உண்டியலை உடைக்காமல் உள்ளே இருப்பதை எண்ண முடியாது. MR அடித்தால் தொகை அப்படியே இருக்கக் காட்டுகிறது. M−க்கும் அதில் இடமில்லை. ‘இருப்பு’ எப்படி? M+ இருப்பில் கூட்டு, M− இருப்பில் கழி, MR இருப்பைக் காட்டு, MC இருப்பை நீக்கு.

மார்த்தாண்டத்திலிருந்து:

கடையில் ‘இருப்பு இல்லை’ என்றால் சரக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். ‘இருப்பை நீக்கு’ என்று எழுதினால் பையன் அலமாரியைப் பார்ப்பான்! ‘சேர்ப்பு’ என்று வையுங்கள்.

தக்கலையிலிருந்து:

சேர்ப்பு M+க்கு அழகாக இருக்கிறது. ஆனால் M−ஐச் ‘சேர்ப்பில் கழி’ என்றால் காதில் இடறுகிறது. எனக்கு இருப்புதான் சரி. நேற்றைய தொகை உள்ளே கிடப்பதைப் ‘பழைய இருப்பு’ என்று அப்படியே சொல்லிவிடலாம், வேறு சொல் தேட வேண்டியதில்லை.

குலசேகரத்திலிருந்து:

இரண்டையும் கடைப் பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். எதைக் கேட்டதும் M+ பக்கம் கை போகிறதோ அதை எழுதுகிறேன். அந்தப் ‘பழைய இருப்பு’ மட்டும் இப்போதே எடுத்துக்கொண்டேன்.