ஏறினதை விற்றேன், இறங்கினதை வைத்திருக்கிறேன்: இது இழப்புப் பயம்தானா?

தலவாக்கலை_தம்பி
இரண்டு கம்பெனிப் பங்கு வாங்கினேன். இரண்டிலும் 500 பங்கு, இரண்டும் 40 ரூபாய். ஒன்று 52க்கு ஏறியது, மற்றது 28க்கு இறங்கியது. தங்கச்சியின் வகுப்புக் கட்டணத்துக்குக் காசு தேவைப்பட்டபோது யோசிக்காமல் ஏறினதை விற்றேன். விற்றது இப்போது 61. இறங்கினது 26. இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறதாம், இழப்புப் பயம்தான் காரணமாம். உண்மையா?

பதுளை_வாசகன்
உண்மைதான் தம்பி. டானியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய புரொஸ்பெக்ட் தியரி இதைத்தான் சொல்கிறது. நூறு ரூபாய் கிடைத்தால் வரும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கையில் இருக்கும் 12 ரூபாய் இலாபம் போய்விடுமோ என்று பயந்து விற்றீர்கள். நட்டத்தில் இருப்பதை விற்றால் வலிக்கும், அதனால் விற்கவில்லை. அவ்வளவுதான்.

பண்டாரவளை_கணக்கு
வாசகன் சொன்னதில் பாதி சரி. நான் வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறவள், அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் விடை தப்பாக வரும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கோட்பாட்டில் இரண்டு விஷயம் தனித்தனியாக இருக்கிறது. ஒன்று, நட்டம் இலாபத்தைவிட அதிகம் வலிக்கும் என்பது, இதைத்தான் இழப்பு வெறுப்பு என்பார்கள். மற்றது, இரண்டு பக்கமும் போகப்போக உணர்ச்சி மழுங்கும் என்பது. முதல் 12 ரூபாய் இலாபம் தரும் சந்தோஷத்தை அடுத்த 12 ரூபாய் தராது. அதேபோல முதல் 12 ரூபாய் நட்டம் வலித்த அளவுக்கு அடுத்த 12 வலிக்காது. அவர்கள் 1992இல் எண்ணோடு கொடுத்தது இது, x என்பது வாங்கிய விலையிலிருந்து வந்த இலாபம் அல்லது நட்டம், v என்பது மனதுக்கு அதன் மதிப்பு:

```
v(x)  = x^0.88
v(-x) = -2.25 * x^0.88
```

தம்பியின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஏறின பங்கு 52இல் இருக்கிறது. அடுத்து அது 64 ஆகலாம், அல்லது திரும்பி 40 ஆகலாம், இரண்டுக்கும் சமவாய்ப்பு என்று வையுங்கள். இப்போதே விற்றால் மனதுக்குக் கிடைப்பது 12இன் மதிப்பு, சுமார் 8.9. வைத்திருந்தால் 24இன் மதிப்பில் பாதி, சுமார் 8.2. ஆகவே விற்கத்தான் மனம் சொல்லும். இறங்கின பங்கு 28இல் இருக்கிறது, அது 40க்குத் திரும்பலாம் அல்லது 16க்கு விழலாம். விற்றால் வலி 20.0, வைத்திருந்தால் 18.4. ஆகவே வைத்திருக்கத்தான் மனம் சொல்லும்.

இப்போது அந்த 2.25ஐ எடுத்துவிட்டு 1 போடுங்கள். முதல் கணக்கில் அது வரவே இல்லை. இரண்டாவதில் இரண்டு பக்கத்தையும் அதுதான் பெருக்குகிறது, ஆகவே வெட்டுப்பட்டுப் போகும். முடிவு மாறவில்லை. தம்பியை விற்க வைத்தது மழுங்கும் வளைவு. இழப்பு வெறுப்புக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

பதுளை_வாசகன்
டீச்சர், அப்படியானால் எல்லோரும் ஏன் இழப்பு வெறுப்பு என்றே எழுதுகிறார்கள்? வாங்கிய விலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது பயம் வராதா?

பண்டாரவளை_கணக்கு
வரும், நல்ல கேள்வி. பங்கு 44இல் இருக்கிறது, அடுத்து 56 அல்லது 32. இங்கே விழுந்தால் நட்டப் பக்கத்துக்குப் போய்விடும், அதனால் 2.25 உண்மையாகவே விற்கத் தள்ளும். ஆனால் அதே ஆள் 36இல் இருக்கும் பங்கை என்ன செய்வார்? அடுத்து 48 அல்லது 24. வைத்திருந்தால் சுமார் 9.8 வலி, விற்றால் 7.6. அவர் நட்டத்திலேயே விற்றுவிடுவார்! 2.25 இல்லாவிட்டால்தான் வைத்திருப்பார். அதாவது சின்ன நட்டத்தில் இழப்பு வெறுப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பார்பரிஸும் சியோங்கும் 2009இல் இதை விரிவாகக் காட்டினார்கள்: இந்தக் கோட்பாட்டை நேராகப் போட்டால் சில சமயம் நாம் பார்க்கும் பழக்கத்துக்கு நேர்மாறாகவே விடை வருகிறது. அதனால் அவர்கள் வேறொன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனம் கணக்கெடுப்பது விலை ஏறும்போதோ இறங்கும்போதோ இல்லை, விற்கும் அந்த நிமிடத்தில்தான் என்று. எனக்கு அது நெருக்கமாகப் படுகிறது. ஆனால் அதுதான் முடிவு என்று சொல்லமாட்டேன்.

கந்தப்பளை_கரட்
இதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு? கரட் விலை ஏறினால் அன்றைக்கே பிடுங்கி லொறியில் ஏற்றுகிறோம். விலை விழுந்தால் ஒரு கிழமை மண்ணிலேயே விடுகிறோம். தம்பி செய்ததும் அதுதானே, என்ன பிழை?

பண்டாரவளை_கணக்கு
அண்ணே, கரட்டுக்கு நாள் இருக்கிறது. அதிகம் விட்டால் வெடிக்கும், நார் விழும். பங்குக்கு அப்படி இல்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். விலை விழுந்த நாளில் பிடுங்குவதா விடுவதா என்று யோசிக்கும்போது விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசைப் பார்ப்பீர்களா?

கந்தப்பளை_கரட்
அது எதற்கு? அது போன காசு. பிடுங்குகிற கூலி, லொறிக் கூலி, இன்றைய விலை, நாளைக்கு என்ன ஆகும் என்று இவ்வளவுதான் பார்ப்பேன். ஆனால் என்னிடமும் ஒரு பங்கு இருக்கிறது, 2021இல் வாங்கியது. அதை மட்டும் வாங்கின விலை வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். கரட்டில் நான் அப்படிச் செய்ததே இல்லை, இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

கண்டி_பழையவர்
எல்லாம் சரி. ஆனால் தம்பியைப் பைத்தியக்காரன் போலப் பேசாதீர்கள். நான் கொழும்புப் பங்குச் சந்தையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவன். 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த மாதத்தில் சந்தையையே சில நாள் மூடி வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியலுக்கே முப்பது வீதம் அளவில் வட்டி. அந்த நாட்டில் இலாபத்தைக் கையில் எடுத்தவன் புத்திசாலி. அதற்கு உளவியல் பெயர் வைக்க வேண்டியதில்லை.

பண்டாரவளை_கணக்கு
ஐயா, நாட்டைப் பார்த்துப் பயந்து வெளியே வந்தால் அது நியாயம். ஆனால் அந்தப் பயம் இரண்டு பங்குக்கும் பொது. 52இல் இருப்பதை விற்று 28இல் இருப்பதை வைத்திருந்தால் பயம் நாட்டைப் பற்றியது இல்லை. நாட்டுக்குத் தம்பி என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாது. பார்க்க வேண்டிய அடையாளம் இந்த ஒருபக்கச் சாய்வுதான். இதை ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985இல் எழுதி, டிஸ்பொசிஷன் எஃபெக்ட் என்று பெயர் வைத்தார்கள்.

கண்டி_பழையவர்
ஏறினது இறங்கும், இறங்கினது ஏறும் என்று நம்பி விற்றிருக்கலாமே? அது நம்பிக்கை, நோய் இல்லை.

பண்டாரவளை_கணக்கு
இருக்கலாம். அந்த நம்பிக்கை பலித்ததா என்பதை அளக்கலாம். டெரன்ஸ் ஓடீன் 1998இல் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்து 1987 முதல் 1993 வரை பார்த்தார். இலாபத்தில் இருந்தவற்றில் 14.8 வீதத்தை விற்றிருந்தார்கள், நட்டத்தில் இருந்தவற்றில் 9.8 வீதத்தைத்தான். அடுத்த ஒரு வருடத்தில், விற்றுவிட்ட பங்குகள் கையில் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட 3.4 வீதப்புள்ளி அதிகமாக ஏறின. டிசம்பரில் மட்டும் பழக்கம் திரும்பியது, வரியில் நட்டத்தைக் கழிப்பதற்காக நட்டப் பங்குகளை விற்றார்கள். இங்கே பட்டியலிட்ட பங்கு விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, ஆகவே நட்டத்தை விற்கத் தூண்டும் அந்த டிசம்பரும் நமக்குக் கிடையாது.

கண்டி_பழையவர்
அது அமெரிக்கா. அதுவும் முப்பது வருடத்துக்கு முந்தியது.

பண்டாரவளை_கணக்கு
அதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால் நம் கணக்கை நாமே எண்ணிப் பார்க்கலாம் என்கிறேன். ஓடீன் எண்ணிய விதம்தான் முக்கியம். எத்தனை இலாபப் பங்கு விற்றோம் என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துவிடுவோம், ஏனெனில் சந்தை ஏறும் காலத்தில் கையில் இருப்பதே பெரும்பாலும் இலாபம்தான். விற்ற ஒவ்வொரு நாளும் கையில் இருந்த எல்லாப் பங்குகளையும் எழுதுங்கள். எத்தனை இலாபத்தில் இருந்தன, அவற்றில் எத்தனை விற்றோம். எத்தனை நட்டத்தில் இருந்தன, அவற்றில் எத்தனை விற்றோம். விற்காத நாட்களை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தரகரின் திரையைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது சராசரி வாங்கிய விலை. அதற்குப் பக்கத்தில், வாங்க 1.12 வீதமும் விற்க 1.12 வீதமும் கட்டணம் சேர்த்து, இதற்கு மேல் விற்றால்தான் நட்டம் இல்லை என்று ஒரு விலை. மனம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கிறதோ அந்தக் கோட்டைத் திரையே வரைந்து தருகிறது. ஃபிரைட்மனும் ரேங்கலும் 2014இல் ஆய்வுக்கூடத்தில் வாங்கிய விலை கண்ணில் குறைவாகப் படும்படி செய்தபோது இந்தச் சாய்வு குறைந்தது. முடிந்தால் அந்தப் பத்தியை மறைத்துவிட்டு, இன்று கையில் காசு இருந்தால் இந்தப் பங்கை 26க்கு வாங்குவேனா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை_தம்பி
டீச்சர், இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பற்றுச்சீட்டுகளை எடுத்து எண்ணினேன். விற்ற நாட்கள் 7. அந்த நாட்களில் இலாபத்தில் இருந்தவை மொத்தம் 18, விற்றது 6. நட்டத்தில் இருந்தவை 24, விற்றது 1. அந்த ஒன்றும் 39.50க்கு விற்றது, வாங்கியது 40. அதைத்தான் நீங்கள் சொன்ன சின்ன நட்டம் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை_கணக்கு
மூன்றில் ஒன்று, இருபத்து நான்கில் ஒன்று. 39.50 பற்றி ஒரு பங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது தம்பி, அவசரப்படாதீர்கள்.

கண்டி_பழையவர்
7 நாளும் அப்படித்தான், ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நானும் என் சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். 2019இலிருந்து இருக்கிறது. எண்ணி முடித்துவிட்டு வருகிறேன், விடை எனக்குப் பிடிக்காமல் போனாலும் இங்கே போடுவேன்.

கந்தப்பளை_கரட்
என் பங்கு விஷயம் இன்னும் முடியவில்லை. இன்றைய விலைக்கு அதைப் புதிதாக வாங்குவேனா என்று கேட்டுப் பார்த்தேன். வாங்கமாட்டேன். ஆனாலும் விற்கும் பொத்தானில் கை வைக்க முடியவில்லை. இதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள் டீச்சர்.